ரீசார்ஜ் தேதியை யார் ஞாபகப்படுத்துவது? கம்பெனி எஸ்.எம்.எஸ்., பணச் செயலி, ஆட்டோபே, சொந்த ரிமைண்டர்: ஓர் ஒப்பீடு

28 நாள் ப்ரீபெய்டு பிளான் போடுகிறவர் வருடத்துக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். 13 தடவை 28 என்றால் 364 நாள். மாதம் ஒரு முறைதானே என்று மனசுக்குள் 12 என்று கணக்கு வைத்திருப்போம். அந்தப் பதின்மூன்றாவது ரீசார்ஜ் வருடம் முழுக்க நம்மை இரண்டு நாள், மூன்று நாள் என்று முன்னால் இழுத்துக்கொண்டே போகும். தேதி மறந்துபோவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

"அதான் கம்பெனிக்காரனே மெசேஜ் மேல மெசேஜ் அனுப்புறானே, தனியா எதுக்கு ரிமைண்டர்?" என்று கேட்பவர்கள் உண்டு. "ஆட்டோபே போட்டுட்டா தலைவலி விட்டுது" என்பவர்களும் உண்டு. இரண்டுமே சில பேருக்குச் சரி, சில பேருக்குச் சரியில்லை. எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்று பார்க்க ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அம்மா மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார், கையில் கீபேட் போன். மகன் சென்னையில் வேலை பார்க்கிறார். அம்மாவுக்கு ரீசார்ஜ் போடுவது அவர்தான். அவர் போனில் இரண்டு சிம். ஒன்று தினமும் பேசுவது. இன்னொன்று பழைய நம்பர், பேங்க் கணக்கில் பதிந்திருப்பதால் மட்டும் வைத்திருப்பது. ஆக மூன்று நம்பர், மூன்று தேதி, ஒரே ஆள்.

## தேதி தாண்டினால் என்ன ஆகும்

முதலில் வெளியே போகும் அழைப்பும் டேட்டாவும் நிற்கும். உள்ளே வரும் அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்து அப்புறம் நிற்கும். எத்தனை நாள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, பிளானுக்குப் பிளான் மாறும். அதனால் 'ஓ.டி.பி. வந்துகிட்டுதான் இருக்கும்' என்று அதை நம்பி இருக்கக் கூடாது.

இதில் யு.பி.ஐ. வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. புதுப் போனில் பணச் செயலியைப் பதியும்போது பேங்கில் கொடுத்த நம்பரிலிருந்து ஓர் எஸ்.எம்.எஸ். வெளியே போயாக வேண்டும். பிளான் முடிந்த சிம்மிலிருந்து அது போகாது. போன் தொலைந்து, புதுப் போன் வாங்கி, அவசரமாகப் பணம் அனுப்பவேண்டிய நாளில் இது தெரியவந்தால் கஷ்டம்தான்.

நம்பரே பறிபோவதற்கு இன்னும் நாளாகும். தொலைபேசிக் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான டிராய் 2013-ல் கொண்டுவந்த விதிப்படி, குறைந்தது 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் இருந்தால்தான் ப்ரீபெய்டு நம்பரைத் துண்டிக்கலாம். அப்போதும் கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ மெயின் பேலன்ஸ் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு நம்பரை வைத்திருக்க வேண்டும். துண்டித்த பிறகும் மீட்டுக்கொள்ள 15 நாள் உண்டு. இந்த விதி காப்பாற்றுவது நம்பரை மட்டும்தான். சேவை அதற்கு வெகு முன்பே நின்றிருக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

எந்த வழியாக இருந்தாலும் நாலு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

முதல் கேள்வி, செய்தி யார் கைக்குப் போகிறது? பிளான் இருக்கும் போனுக்கா, பணம் கட்டும் ஆளுக்கா? பல குடும்பங்களில் இவை இரண்டும் ஒன்றல்ல. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

இரண்டாவது, அதற்கு உண்மையான தேதி தெரியுமா? தேதி கம்பெனியின் கணினியிலிருந்து வருகிறதா, அல்லது கடைசி ரீசார்ஜை வைத்துப் போட்ட கணக்கா?

மூன்றாவது, நெட் இல்லாத நாளிலும் போன் அணைந்து கிடக்கும் நாளிலும் கணக்கில் பணம் இல்லாத நாளிலும் அது வேலை செய்யுமா?

நாலாவது, கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன? ரூபாயாக இருக்கலாம், நாம் கொடுக்கும் அனுமதியாக இருக்கலாம், நம் கவனமாகவும் இருக்கலாம்.

## கம்பெனி அனுப்பும் எஸ்.எம்.எஸ்.

இதன் பெரிய பலம் தேதி. கணக்கு வைத்திருப்பவரே சொல்வதால் தப்பாக வாய்ப்பு குறைவு. நெட் தேவையில்லை, செயலி தேவையில்லை, கீபேட் போனிலும் வரும். முடிவதற்குச் சில நாள் முன்பு தொடங்கி, கடைசி நாள் நெருங்க நெருங்க அடிக்கடி வரும். செலவு எதுவும் கிடையாது.

பலவீனம் முதல் கேள்வியிலேயே இருக்கிறது. அம்மாவின் பிளான் முடியும் செய்தி அம்மாவின் போனுக்குத்தான் வருகிறது. அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். கீபேட் போனில் எஸ்.எம்.எஸ். பெட்டியை அவர் திறந்தே பார்ப்பதில்லை. பணம் கட்டும் மகனுக்கு எந்தச் செய்தியும் போகாது. 'அம்மாகிட்டேருந்து ரெண்டு நாளா போனே வரலையே' என்று தோன்றும்போதுதான் அவருக்கு விஷயமே தெரியும்.

ஸ்மார்ட்போனில் வேறு மாதிரித் தொல்லை. தினசரி டேட்டாவில் 50 சதவீதம் தீர்ந்தது, 90 சதவீதம் தீர்ந்தது என்று நாள்தோறும் வரும் செய்திகளும், கேம், பாட்டு, கடன் என்று வரும் விளம்பரங்களும் இதே கம்பெனி பெயரில்தான் வருகின்றன. கொஞ்ச நாளில் அந்தப் பெயரைப் பார்த்ததுமே விரல் தள்ளிவிடப் பழகிவிடும். பிளான் முடியும் செய்தியும் அந்தக் கூட்டத்தில் போய்விடும். சில மெசேஜ் செயலிகள் இதை விளம்பரப் பிரிவுக்குள்ளேயே ஒதுக்கிவிடுவதும் உண்டு. ஒரு தடவை அந்தப் பிரிவையும் ஸ்பாம் பெட்டியையும் திறந்து பாருங்கள். பழைய ரீசார்ஜ் நினைவூட்டல்கள் அங்கே வரிசையாகக் கிடந்தால், உங்களைப் பொறுத்தவரை இந்த வழி வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

மோசடிக்காரர்களும் இதே வேஷத்தில் வருகிறார்கள். 'இன்று இரவு உங்கள் எண் துண்டிக்கப்படும், இந்த லிங்க்கை அழுத்தவும்' என்ற செய்தி சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து வந்தால் அது கம்பெனி அனுப்பியது அல்ல. கம்பெனிச் செய்திகள் எழுத்துகளால் ஆன பெயரில் வரும். 2025-லிருந்து அந்தப் பெயரின் கடைசியில் ஒரு கோடும் ஓர் எழுத்தும் சேர்ந்திருக்கும். விளம்பரம் என்றால் `-P`, சேவைச் செய்தி என்றால் `-S`, பணப் பரிவர்த்தனை என்றால் `-T`, அரசு என்றால் `-G`. எந்த எழுத்து இருந்தாலும் சரி, செய்தியில் உள்ள லிங்க் வழியாக ரீசார்ஜ் செய்யாமல் இருப்பதே நல்லது. செயலியைத் தனியாகத் திறந்து போட்டுக்கொள்ளலாம்.

யாருக்குப் போதும்: ஒரே சிம், தானே பணம் கட்டுகிறார், எஸ்.எம்.எஸ்.ஸைப் பார்க்கும் பழக்கமும் உண்டு என்றால் இதுவே போதும்.

## செயலி தரும் நினைவூட்டல்

செயலிகள் இரண்டு வகை. ஒன்று ஜியோ, ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். ஆகியவற்றின் சொந்தச் செயலி. இன்னொன்று போன்பே, கூகுள் பே, பேடிஎம் மாதிரிப் பணச் செயலி. வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேதி விஷயத்தில் இவை ஒன்றல்ல.

கம்பெனிச் செயலி கணக்கை நேரடியாகப் பார்த்துத் தேதி சொல்லும். குடும்பத்தார் நம்பரையும் அதில் இணைத்துக்கொள்ளலாம். இணைக்கும்போது அந்த நம்பருக்கு ஓ.டி.பி. போகும், அதனால் ஊருக்குப் போயிருக்கும்போது அம்மா போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது சுலபம். இணைத்துவிட்டால் மகன் சென்னையில் இருந்தே அம்மாவின் பிளான் தேதியைப் பார்க்கலாம். முதல் கேள்விக்கு இது நல்ல விடை. ஆனால் மூன்று நம்பரும் மூன்று கம்பெனி என்றால் மூன்று செயலி வேண்டும். ஒவ்வொன்றும் நினைவூட்டலோடு சேர்த்து விளம்பரத்தையும் தள்ளும். தொல்லை தாங்காமல் நோட்டிபிகேஷனை மொத்தமாக அணைத்தால் நினைவூட்டலும் அதோடு போய்விடும்.

பணச் செயலியின் வசதி, எல்லாக் கம்பெனி நம்பரும் ஒரே இடத்தில் இருப்பது. 'அம்மாவின் ரீசார்ஜ் நெருங்குகிறது' என்று பணம் கட்டுகிறவருக்கே வரும், அங்கேயே அழுத்திக் கட்டிவிடலாம். நம் உதாரணத்து மகனுக்கு இது ரொம்பப் பொருத்தம் போலத் தெரியும். சிக்கல் எப்போது வருகிறதென்றால், அம்மா ஒரு முறை பக்கத்துத் தெருக் கடையில் ரீசார்ஜ் செய்துவிடும்போது. அது பெரும்பாலும் பணச் செயலியின் கணக்குக்கு எட்டாது. தன் வழியாக நடந்த கடைசி ரீசார்ஜை வைத்துக்கொண்டு பழைய தேதியில் 'முடியப்போகிறது' என்று கத்தும். மகனும் இன்னொரு ரீசார்ஜ் போடுவார். பணம் பெரும்பாலும் வீணாகாது என்றாலும் யார் எப்போது போட்டார்கள் என்ற கணக்கு குழம்பிவிடும். நேர் எதிராக, நினைவூட்டலே வராமலும் போகலாம்.

செலவும் கொஞ்சம் உண்டு. பணச் செயலிகளில் மொபைல் ரீசார்ஜுக்கு ஓரிரு ரூபாய் கட்டணம் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு தடவைக்குப் பெரிதில்லை. மூன்று நம்பர், வருடத்துக்கு 13 முறை என்றால் 39 ரீசார்ஜ். பணம் கட்டும் திரையில் மொத்தத் தொகையை ஒரு தரம் பாருங்கள். 299 என்று நினைத்த இடத்தில் 301 இருக்கலாம். அதே பிளானைக் கம்பெனிச் செயலியிலும் பார்த்துவிட்டு எது மலிவு என்று முடிவு செய்யலாம்.

இரண்டு வகைக்கும் பொதுவான குறை, நோட்டிபிகேஷன் நம் கண்ணில் படவேண்டும் என்பதுதான். பல ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று அதிகம் திறக்காத செயலிகளைப் போனே தூங்கவைத்துவிடும். அப்புறம் அந்தச் செயலியை நாம் திறந்தால்தான் நினைவூட்டல் தெரியும்.

யாருக்குப் பொருந்தும்: பலருக்கு ரீசார்ஜ் போடுகிறவர், எல்லாவற்றையும் ஒரே செயலியில்தான் போடுவேன் என்று கட்டுப்பாடாக இருக்கிறவர்.

## ஆட்டோபே

மற்ற மூன்றும் ஞாபகப்படுத்துகின்றன, இது காரியத்தையே செய்துவிடுகிறது. யு.பி.ஐ. ஆட்டோபே 2020-ல் வந்தது. ஒரு முறை யு.பி.ஐ. பின் போட்டு அனுமதி கொடுத்தால், அடுத்தடுத்த ரீசார்ஜ் தொகை தானாகக் கணக்கிலிருந்து போகும். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் வரவேண்டும். அந்தத் தகவலே ஒரு ரிமைண்டர் மாதிரி. வேண்டாம் என்றால் பணச் செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம்.

ஒழுங்காக ஓடும்வரை இதற்கு ஈடு இல்லை. ஓடாமல் போவதற்கு மூன்று காரணம் சொல்லலாம்.

கணக்கில் பணம் இல்லாதது முதலாவது. சம்பளம் ஒன்றாம் தேதி வருகிறது, 28 நாள் சுழற்சி நகர்ந்து நகர்ந்து ஒரு கட்டத்தில் மாதக் கடைசியில் போய் நிற்கிறது. வருடத்தில் சில தடவை அந்தச் சந்திப்பு வந்தே தீரும். அன்று கணக்கில் 150 ரூபாய்தான் இருந்தால் ரீசார்ஜ் நடக்காது. தோல்வித் தகவல் வரும், அதுவும் பத்தோடு பதினொன்றாக.

இரண்டாவது விலை உயர்வு. ஆட்டோபே அனுமதியில் அதிகபட்சத் தொகை என்று ஒன்று உண்டு. 2024 ஜூலையில் கம்பெனிகள் விலையை ஏற்றியபோது தினம் ஒன்றரை ஜிபி தரும் 28 நாள் பிளான் ஜியோவில் 239-லிருந்து 299 ஆனது. ஏர்டெல்லில் 299-லிருந்து 349. 250 ரூபாய் உச்ச வரம்பு வைத்து அனுமதி கொடுத்திருந்தால், புது விலையை அந்த அனுமதியால் எடுக்க முடியாது. மறுபடி பின் போட்டுப் புதிதாக அனுமதிக்க வேண்டும். வரம்பைத் தாராளமாக வைத்தால் இந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் விலை ஏறியதே நமக்கு உறைக்காமல் பணம் போய்க்கொண்டிருக்கும். பிளானையே கம்பெனி நிறுத்திவிட்டாலும் இதே கதைதான்.

மூன்றாவது, நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றுவது. போர்ட் செய்தாலும் பழைய கம்பெனிக்குக் கொடுத்த அனுமதி பேங்க் பக்கத்தில் அப்படியே இருக்கும். புதுக் கம்பெனியில் யாரும் ஆட்டோபே போட்டிருக்க மாட்டார்கள். 'நமக்குத்தான் ஆட்டோபே இருக்கே' என்ற நினைப்பில் முதல் மாதம் முடிந்துபோகும்.

இன்னொரு செலவு மெதுவாகத் தெரியும். கையால் ரீசார்ஜ் செய்கிறவர் ஒவ்வொரு முறையும் பிளான் பட்டியலைப் பார்க்கிறார். ஊருக்குப் போகிற மாதம் சின்ன பிளான், வீட்டில் வைபை வந்துவிட்டால் டேட்டா குறைந்த பிளான் என்று மாற்றிக்கொள்கிறார். ஆட்டோபே போட்டவர் இரண்டு வருடம் கழித்தும் அதே பிளானில் இருப்பார்.

யாருக்குப் பொருந்தும்: பிளானை மாற்றாமல் ஒரே சிம்மை ஓட்டுகிறவர், கணக்கில் எப்போதும் ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் வைத்திருப்பவர். அடிக்கடி பிளான் மாற்றுகிறவருக்கு வேண்டாம்.

## சொந்தமாக வைக்கும் ரிமைண்டர்

நான் அதிகம் பேச நினைத்தது இதைப் பற்றித்தான். பலர் இதைத் தப்பாக வைத்துவிட்டு 'வேலைக்காகலை' என்று விட்டுவிடுகிறார்கள்.

வழக்கமாக நடக்கும் தப்பு, மாதம் ஒரு முறை என்று வைப்பது. கணக்கைப் பார்ப்போம். மகன் அம்மாவுக்கு 2026 ஜனவரி 3, சனிக்கிழமை 28 நாள் பிளான் போடுகிறார். போட்ட நாளையும் சேர்த்து எண்ணினால் கடைசி நாள் ஜனவரி 30, வெள்ளி. ஒரு நாள் முன்னதாக இருக்கட்டும் என்று மாதாமாதம் 29-ம் தேதி அடிக்கும்படி ரிமைண்டர் வைக்கிறார். ஜனவரியில் சரியாக அடிக்கிறது. அடுத்த சுற்று ஜனவரி 31-ல் தொடங்கி பிப்ரவரி 27-ல் முடிகிறது. 2026 பிப்ரவரியில் 29-ம் தேதியே கிடையாது. இல்லாத தேதியைப் பல காலண்டர் செயலிகள் சத்தமில்லாமல் தாண்டிவிடும். சரி, எப்படியோ சமாளித்து பிப்ரவரி 28-ல் போட்டுவிட்டார் என்றே வைப்போம். அது மார்ச் 27-ல் முடிகிறது. ரிமைண்டர் அடிப்பதோ மார்ச் 29-ல். அம்மா போன் நின்று இரண்டு நாள் ஆகியிருக்கும்.

மேலே வந்த கடைசி நாட்களைப் பாருங்கள்: ஜனவரி 30, பிப்ரவரி 27, மார்ச் 27. மூன்றும் வெள்ளிக்கிழமை. 28 நாள் என்பது மிகச் சரியாக நாலு வாரம். தேதி மாறினாலும் கிழமை மாறாது. 56 நாள் என்றால் எட்டு வாரம், 84 நாள் என்றால் பன்னிரண்டு வாரம், அவற்றிலும் கிழமை மாறாது. ஆகவே ரிமைண்டரை மாதக் கணக்கில் வைக்காமல் வாரக் கணக்கில் வைத்தால் வருடம் முழுக்கத் தப்பாது.

கூகுள் காலண்டரில் செய்வது இப்படி. கடைசி நாளுக்கு ஒரு நிகழ்வு உருவாக்குங்கள், தலைப்பில் நம்பர் யாருடையது, எந்தக் கம்பெனி, எந்த பிளான் என்று எழுதுங்கள். `Does not repeat` என்று இருக்கும் இடத்தை அழுத்தி `Custom` போய், நாலு வாரத்துக்கு ஒரு முறை என்று வையுங்கள். நினைவூட்டல் இரண்டு சேருங்கள்: மூன்று நாள் முன்பு ஒன்று, ஒரு நாள் முன்பு ஒன்று. முதலாவது பணம் தயார் செய்ய, இரண்டாவது தவறவிட்டிருந்தால் பிடிக்க. நேரத்தை நீங்கள் போனைக் கையில் வைத்திருக்கும் நேரமாக வையுங்கள். காலை ஒன்பது மணி பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும் நேரம் என்றால் இரவு எட்டரை நல்லது. தங்கை இருந்தால் அவரையும் அந்த நிகழ்வில் விருந்தினராகச் சேர்க்கலாம். ஒருவர் கவனிக்காவிட்டால் இன்னொருவர் கவனிப்பார்.

30 நாள் பிளானும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் பிளானும் இந்தக் கணக்கில் வராது. 28 நாளைப் பற்றி வந்த புகார்களுக்குப் பிறகு, ஒவ்வொரு கம்பெனியும் இந்த இரண்டு வகையிலும் பிளான் வைத்திருக்க வேண்டும் என்று டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. அதே தேதி பிளான் போட்டவருக்கு மட்டும் மாதாந்திர ரிமைண்டர் சரியாக ஓடும். அதையும் 28-ம் தேதிக்குள் வரும்படி வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 30 நாள் பிளானுக்கு 30 நாளுக்கு ஒரு முறை என்று நாள் கணக்கில் வைக்க வேண்டும்.

சொந்த ரிமைண்டரின் பலவீனம் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. அதற்கு உண்மைத் தேதி தெரியாது, நாம் சொன்னதுதான் தெரியும். கடைசி நாளுக்கு முன்பே போட்டு, புது பிளான் வரிசையில் நின்று பழையது முடிந்ததும் தொடங்கினால் சுழற்சி குலையாது. ஜியோவில் முன்கூட்டிப் போடும் பிளான் அப்படித்தான் காத்திருக்கும். ஆனால் இரண்டு நாள் தாமதமாகப் போட்டால் வெள்ளி ஞாயிறாகிவிடும், காலண்டர் வெள்ளியிலேயே நிற்கும். ஆகவே ரீசார்ஜ் ஆனதும் வரும் உறுதிச் செய்தியில் கடைசித் தேதியைப் பாருங்கள். கிழமை மாறியிருந்தால் அப்போதே நிகழ்வை நகர்த்திவிடுங்கள். போட்ட நாளை முதல் நாளாக எண்ணுவதா, போட்ட நேரத்திலிருந்து 24 மணி நேரமாக எண்ணுவதா என்பதிலும் ஒரு நாள் வித்தியாசம் வரலாம். முந்தைய தேதியை எடுத்துக்கொண்டால் நஷ்டமில்லை.

போனே வேண்டாம் என்றாலும் வழி உண்டு. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ஒவ்வொரு நாலாவது வெள்ளிக்கும் முந்தைய நாள் தாளில் 'ரீசார்ஜ்' என்று பேனாவால் எழுதிவைக்கலாம். கிழமை மாறாது என்பதால் வருடத்துக்கு வேண்டிய 13 தாளையும் ஒரே உட்காரலில் எழுதிவிடலாம். தாளைக் கிழிக்கும் காலையில் அம்மா கண்ணில் படும், மகனுக்கு ஒரு குரல் கொடுப்பார். நெட், பேட்டரி, நோட்டிபிகேஷன் எதுவும் தேவைப்படாத ஒரே வழி இதுதான். என்னைக் கேட்டால், கிராமத்து வீட்டுக்கு எந்தச் செயலியையும்விட இதுவே மேல்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கம்பெனி எஸ்.எம்.எஸ். | செயலி | ஆட்டோபே | சொந்த ரிமைண்டர் |
|---|---|---|---|---|
| யாருக்கு வரும் | சிம் இருக்கும் போனுக்கு | செயலி வைத்திருப்பவருக்கு | பணம் கட்டுகிறவருக்கு | நாம் வைத்த ஆளுக்கு |
| தேதி சரியா | சரி | கம்பெனிச் செயலி சரி, பணச் செயலி சில சமயம் தப்பும் | சரி | நாம் திருத்தினால் சரி |
| நெட் இல்லாவிட்டால் | வரும் | வராது | ரீசார்ஜ் நடக்கும், தகவல் தாமதமாகலாம் | போனில் ஏற்கெனவே இருந்தால் அடிக்கும் |
| எங்கே சறுக்கும் | விளம்பரக் கூட்டத்தில் | வேறு இடத்தில் ரீசார்ஜ் செய்தால் | பணமின்மை, விலை உயர்வு, போர்ட் | தாமத ரீசார்ஜுக்குப் பிறகு |
| மறைமுகச் செலவு | கவனம் | கட்டணம், விளம்பரம் | பிளானை மறுபரிசீலிக்காதது | ஒரு முறை உட்கார்ந்து வைக்கும் நேரம் |

## மூன்று நம்பருக்கும் என் பரிந்துரை

மகனின் தினசரி சிம்முக்கு ஆட்டோபே போடலாம். அது நின்றால் உடனே தெரிந்துவிடும், வைபை உள்ள இடத்திலிருந்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். துணை ரிமைண்டராகக் காலண்டரில் கடைசி நாளுக்கு முந்தைய இரவு ஒன்று போதும். அது அடிக்கும்போது கேட்கவேண்டிய கேள்வி, 'பணம் எடுத்துட்டானா?' அவ்வளவுதான்.

அம்மாவின் போனுக்கு ஆட்டோபேயை நான் முதலில் வைக்க மாட்டேன். தோற்றால் தெரிவது மகனுக்குத்தான் என்றாலும், அவர் அதைக் கவனிக்காத அன்று அவதிப்படுவது அம்மா. கம்பெனிச் செயலியில் அம்மா நம்பரை இணைத்துவைத்து, நாலு வாரக் காலண்டர் ரிமைண்டரை வைத்து, மூன்று நாள் முன்னதாகவே போட்டுவிடுவது நல்லது. கடையில் அம்மாவே போட்டால் மகனுக்குச் சொல்லிவிட வேண்டும், அந்த ஓர் ஏற்பாடு முக்கியம். அம்மாவுக்கு டேட்டா தேவையில்லை என்பதால் இன்னொன்றையும் யோசிக்கலாம். டிராய் உத்தரவுக்குப் பிறகு 2025 ஜனவரியிலிருந்து டேட்டா இல்லாத, அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள நீண்ட நாள் பிளான்கள் வந்திருக்கின்றன. 84 நாள் போட்டால் வருடத்துக்கு ஐந்து முறைக்கும் குறைவு.

பழைய பேங்க் நம்பர்தான் இருப்பதில் ஆபத்தானது. யாரும் அதில் பேசுவதில்லை, அதனால் நின்றாலும் தெரியாது. அந்த நம்பரில் வாட்ஸ்அப் இருந்தால் பிளான் முடிந்த பிறகும் அது இன்னொரு சிம்மின் டேட்டாவிலோ வைபையிலோ ஓடிக்கொண்டிருக்கும், 'நம்பர் நல்லாத்தான் இருக்கு' என்று நினைத்துக்கொண்டிருப்போம். இதற்கு ஒரு வருட பிளான் போடத் தோன்றும், போடலாம். ஆனால் வருடக் கணக்கில் நினைவு நிற்காது, இடையில் போன் மாறியிருக்கும், செயலியை நீக்கியிருப்போம். 365 நாள் பிளானுக்குக் கிழமைக் கணக்கும் பொருந்தாது. ஆகவே ஒரு மாதம் முன்பு, ஒரு வாரம் முன்பு, ஒரு நாள் முன்பு என்று மூன்று ரிமைண்டர், அதுவும் போனை மாற்றினாலும் கூடவே வரும் கணக்கில் சேமித்த காலண்டரில் வைக்க வேண்டும். போனின் உள்ளே மட்டும் சேமிக்கும் காலண்டரில் வைத்தால் பழைய போனோடு அதுவும் போய்விடும்.

ரிமைண்டர் அடித்ததும் பணம் கட்டுவதற்கு முன் உண்மைத் தேதியை ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். ஏர்டெல் என்றால் `*121#`, வி என்றால் `*199#`, இவற்றுக்கு நெட் தேவையில்லை. ஜியோவில் `1299`-க்கு அழைத்தால் அழைப்பு தானே துண்டித்து விவரம் எஸ்.எம்.எஸ்.ஸாக வரும். மூன்றையும் அந்தந்த சிம்மிலிருந்தே அழைக்க வேண்டும். இரண்டு சிம் போனில் எந்தச் சிம்மைத் தேர்ந்தெடுத்தோம் என்று பார்க்காமல் அழைத்துவிட்டு, நன்றாக இருக்கும் சிம்மின் தேதியைப் பார்த்து நிம்மதியாகப் போய்விடுகிறவர்கள் நிறையப் பேர்.